98 ரூபாய்க்கு விற்ற 100 ரூபாய்க் கடன்

1966 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. 100 ரூபாய்ப் பத்திரத்தை 98 ரூபாய்க்கு விற்றார்கள். 12 ஆண்டுகள் கழித்து முழு 100 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். ஆக, கையில் வந்த பணம் 1 கோடியே 47 லட்சம். அடைக்க வேண்டிய கடன் 1 கோடியே 50 லட்சம். நடுவில் நிற்கும் 3 லட்சத்தை எந்த ஆண்டின் செலவாக எழுதுவது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு வந்தது 1997இல்.

நிறுவனம் முதலில் தன் கணக்குப் புத்தகத்தில் அடக்கமாகத்தான் எழுதியிருந்தது. 3 லட்சத்தை 12 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 25,000. பத்திரம் வெளியிட்ட முதல் கணக்காண்டில் 1967 ஜூன் வரையிலான ஆறு மாதங்களே அடங்கியதால், 12,500 ரூபாயைச் செலவில் காட்டியது. பிறகு வரிக் கணக்கு என்று வந்தபோது, முழு 3 லட்சத்தையும் அந்த ஓராண்டிலேயே கழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டது. கடன் வாங்கிய அன்றே பொறுப்பும் வந்துவிட்டது என்பது அதன் வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 3 லட்சம் செலவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செலவால் கிடைத்த பணம் 12 ஆண்டுகள் தொழிலில் உழைக்கிறது. ஒரே ஆண்டின் தலையில் மொத்தத்தையும் கட்டினால் அந்த ஆண்டின் லாபம் பொய்யாகிவிடும். எனவே 12,500தான் சரி என்று தீர்ப்பானது.

இந்தத் தள்ளுபடி ஆடித் தள்ளுபடியின் இனம் அல்ல. கடைவீதியில் தண்டல்காரரிடம் பணம் வாங்குகிறவர்களுக்கு இதன் குணம் நன்றாகத் தெரியும். 10,000 ரூபாய்க் கடன் என்று பேசி, 8,500ஐ மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார். அந்த 1,500 ரூபாய், முதலிலேயே பிடித்துக்கொண்ட வட்டி. கடன் பத்திரத்தின் தள்ளுபடியும் அப்படித்தான். பத்திரத்தில் அச்சிட்ட வட்டி சந்தையில் நிலவும் வட்டியைவிடக் குறைவாக இருந்தால், யாரும் அதை முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். குறைகிற வட்டியை விலையில் கழித்துக் கொடுத்தால்தான் விற்கும். ஆகவே தள்ளுபடியை வட்டியோடு வட்டியாகச் சேர்த்து எழுத வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,000 ரூபாய் முகமதிப்பு. ஆண்டுக்கு 8 சதவீத வட்டி, அதாவது 80 ரூபாய். மூன்றாம் ஆண்டு முடிவில் கடைசி வட்டியோடு 1,000 ரூபாயும் திரும்ப வரும். இப்படி ஒரு பத்திரத்தை ஒரு நிறுவனம் விற்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு நம்பகமான மற்ற கம்பெனிகள் சந்தையில் 10 சதவீதம் தருகின்றன. முதலீட்டாளர் பேனாவை எடுக்கிறார். ஓராண்டு கழித்து வரும் 80 ரூபாய், 10 சதவீதக் கணக்கில் இன்றைக்குச் சுமார் 73 ரூபாய் பெறும். இரண்டாம் ஆண்டு வரும் 80, சுமார் 66. மூன்றாம் ஆண்டு வரும் 1,080, சுமார் 811. பைசா வரை கணக்கிட்டுக் கூட்டினால் 950 ரூபாய் 26 பைசா. அதற்கு மேல் அவர் தர மாட்டார். தள்ளுபடி 49 ரூபாய் 74 பைசா.

இந்தியக் கம்பெனிகள் பல பத்தாண்டுகள் இதை எழுதிய விதம் பி.காம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கடன் பத்திரக் கணக்கில் 1,000 ரூபாய் வரவு வைப்பார்கள். வந்த பணத்தை வங்கிக் கணக்கில் பற்று வைப்பார்கள். மீதி 49.74ஐ ‘கடன் பத்திர வெளியீட்டுத் தள்ளுபடி’ என்ற தலைப்பில் பற்று வைத்து, இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். விற்கவும் முடியாத, அடகு வைக்கவும் முடியாத அந்த உருப்படிக்கு வகுப்பறையில் ‘கற்பனைச் சொத்து’ என்று பெயர். கொஞ்சம் கொஞ்சமாக அதை லாப நட்டக் கணக்கில் எழுதித் தள்ள வேண்டும். ஆனால் 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு ஒரு பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தது. பங்குகளைக் கூடுதல் விலைக்கு விற்றுச் சேர்த்த பிரீமிய நிதி இருந்தால், கடன் பத்திரத் தள்ளுபடியை அந்த நிதியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தால் அந்தச் செலவு லாப நட்டக் கணக்கின் வாசலைக்கூட மிதிக்காது. வட்டியின் ஒரு பகுதி கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். லாபம் அந்த அளவுக்குப் பருத்துத் தெரியும். சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனால் நேர்மையான படம் என்று சொல்ல முடியாது.

2016 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகள் படிப்படியாக ‘இண்ட் ஏ.எஸ்.’ என்ற புதிய கணக்கியல் தரங்களுக்கு மாறின. அவற்றில் 109ஆம் எண் தரம் இந்தக் கதவை அடைத்தது. இப்போது கடன் பத்திரக் கணக்கில் முதல் நாள் ஏறும் தொகை 1,000 அல்ல, வந்த பணமான 950.26 மட்டுமே. தள்ளுபடி என்று தனியாக ஒரு கணக்கே கிடையாது; சொத்துப் பக்கத்தில் கற்பனையும் கிடையாது. இந்த 950.26, மூன்று ஆண்டுகளில் படியேறி 1,000ஐத் தொட வேண்டும். அந்தந்த நாளில் அது நிற்கும் படியைத்தான் கணக்காளர்கள் ‘அமார்ட்டைஸ்டு காஸ்ட்’ என்கிறார்கள். படியேற்றும் வேகத்தைத் தீர்மானிப்பது ‘எஃபெக்டிவ் ரேட்’. நம் கணக்கில் அது 10 சதவீதம். பத்திரத்தில் அச்சிட்ட 8 அல்ல.

முதலாண்டு முடிவில் 950.26க்கு 10 சதவீதம் போட்டால் 95 ரூபாய் 3 பைசா. அந்த ஆண்டின் வட்டிச் செலவு இதுதான். இதில் 80 ரூபாய் காசாகப் போய்விட்டது. மீதி 15.03 இன்னும் கொடுக்கப்படாத வட்டி. அது கடனோடு சேர்ந்துகொள்கிறது. பேரேட்டில் வட்டிச் செலவுக்குப் பற்று 95.03, வங்கிக்கு வரவு 80, கடன் பத்திரத்துக்கு வரவு 15.03. இப்போது கடன் 965.29. இரண்டாம் ஆண்டில் இந்தப் புதிய தொகைக்கு 10 சதவீதம் 96.53, காசு 80, கடனில் சேர்வது 16.53, கடன் 981.82. மூன்றாம் ஆண்டு வட்டிச் செலவு 98.18, காசு போக 18.18 சேர, கடன் சரியாக 1,000 ரூபாயில் வந்து நிற்கிறது. அன்று முதலைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம்.

கணக்கு சரியா என்று பார்க்க அந்தக் கடைசித் தொகையே போதும். ஒன்றிரண்டு பைசா விலகினால் முழுமையாக்கியதில் வந்த வேறுபாடு. ரூபாய்க் கணக்கில் விலகினால் விகிதம் தவறு என்று அர்த்தம். பெரும்பாலும் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, 10 சதவீதத்தை நடப்புக் கடன் தொகைக்குப் போடாமல் பழக்கதோஷத்தில் 1,000 ரூபாய் முகமதிப்புக்குப் போடுவது. மற்றொன்று, வெளியீட்டுச் செலவை மறப்பது. பத்திரத்தை விற்றுக் கொடுத்த இடைத்தரகு நிறுவனத்துக்குப் பத்திரத்துக்கு 10 ரூபாய் கட்டணம் போயிருந்தால், கைக்கு வந்தது 940.26தான். அந்தக் கட்டணமும் கடனின் விலையில் சேர்ந்ததே. அப்போது உண்மை விகிதம் 10 அல்ல, 10.42 சதவீதம். பழைய விகிதத்தையே பிடித்துக்கொண்டு 940.26லிருந்து ஏறினால், மூன்றாம் ஆண்டு முடிவில் 1,000க்குச் சுமார் 13 ரூபாய் கீழே நின்றுவிடும்.

இத்தனை சிரமம் எதற்கு, சென்னை நிறுவனம் செய்ததுபோல ஆண்டுகளால் வகுத்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். 49.74ஐ மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 16.58. வட்டிச் செலவு மூன்று ஆண்டுகளும் ஒரே சீராக 96.58. மொத்தமும் அதேதான் வருகிறது. ஆனால் கடன் ஆண்டுக்கு ஆண்டு வளர, செலவு மட்டும் அசையாமல் நிற்கிறது. முதலாண்டில் அந்தச் செலவு கடனில் 10.16 சதவீதம், கடைசி ஆண்டில் 9.82. ஒரே கடன், ஒரே ஒப்பந்தம். வட்டி மட்டும் குறைந்துகொண்டே வருவதுபோல ஒரு தோற்றம். இங்கே வேறுபாடு சொற்பம். 2 சதவீதமே தள்ளுபடி கொடுத்த 1966ஆம் ஆண்டுப் பத்திரத்திலும் அது சொற்பமாகத்தான் இருந்திருக்கும். தள்ளுபடி மெலிதாக இருக்கும்வரை வகுத்தல் முறையை யாரும் பெரிதாகக் குறை சொல்ல வேண்டியதில்லை. தள்ளுபடி ஆழமாகும்போதுதான் அது கேலிக்கூத்தாகிறது.

ஆழத்துக்கு உதாரணம் தேடினால் 1990களின் ‘டீப் டிஸ்கவுண்ட்’ பத்திரங்கள்தான் முதலில் நிற்கும். இடையில் ஒரு பைசா வட்டி கிடையாது. இன்று சிறு தொகை கட்டினால், பிள்ளை வளர்ந்து ஆளாகும்போது பெரிய தொகை. 1992இல் ஐ.டி.பி.ஐ. 2,700 ரூபாய்க்குப் பத்திரம் விற்று, 25 ஆண்டுகள் கழித்து 1 லட்சம் என்றது. அடுத்த ஆண்டு, குஜராத் அரசின் சர்தார் சரோவர் நர்மதா நிகம் தன் அணைக்கட்டுத் திட்டத்துக்குப் பணம் திரட்ட இதே வழியில் இறங்கியது. விலை 3,600 ரூபாய். 2014 ஜனவரியில், 20 ஆண்டுகள் முடிவில், 1,11,000 ரூபாய்.

3,600ஐ 20 ஆண்டுகளில் 1,11,000 ஆக்கும் கூட்டு வட்டி விகிதம் ஏறக்குறைய 18.7 சதவீதம். இந்த விகிதத்தில் எழுதினால் முதலாண்டு வட்டிச் செலவு 673 ரூபாய்தான். வட்டிக்கு வட்டி ஏறி ஏறி, இருபதாம் ஆண்டில் மட்டும் கிட்டத்தட்ட 17,500 ரூபாய். இதையே சமமாக வகுத்து எழுதியிருந்தால் ஆண்டுக்கு 5,370 ரூபாய். 3,600 ரூபாய்க் கடனுக்கு முதலாண்டில் 5,370 ரூபாய் வட்டி என்றால் அது 149 சதவீதம். எந்த மீட்டர் வட்டிக்காரரும் கேட்டு வெட்கப்படுவார். கடைசி ஆண்டிலோ அதே தொகை சுமார் 5 சதவீதமாகச் சுருங்கிவிடும். உண்மையில் ஒப்பந்தம் 149 சதவீதமும் பேசவில்லை, 5 சதவீதமும் பேசவில்லை. எல்லா ஆண்டும் 18.7 என்பதுதான் இரு தரப்பும் சம்மதித்த கணக்கு. எஃபெக்டிவ் ரேட் முறை அதை மட்டும் அப்படியே பதிவு செய்கிறது.

இதே நர்மதா பத்திரம், இந்த முறை எதைச் சொல்லாது என்பதையும் காட்டிக் கொடுக்கிறது.

1993இல் 18.7 சதவீதம் என்பது வியப்பான வட்டி அல்ல. பணத்துக்கு அப்போது அவ்வளவு விலை இருந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் நாட்டில் வட்டி வெகுவாக இறங்கிவிட்டது. நிகமோ பழைய விகிதத்திலேயே கட்டுண்டு கிடந்தது. 7, 11, 15ஆம் ஆண்டுகளில் முன்கூட்டியே பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும் உரிமை பத்திரம் வாங்கியவர்களுக்கு இருந்தது. 15ஆம் ஆண்டுக்கான தொகை 50,000 ரூபாய். அவர்களை வெளியேற்றும் உரிமை நிகமத்துக்கு இல்லை. 2008இல் குஜராத் அரசு அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, 2009 ஜனவரியில் 50,000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடிக்கும் அதிகாரத்தை நிகமத்துக்குக் கொடுத்தது. 1,11,000 வரும் என்று காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

இந்தச் செட்டில்மென்டை அமார்ட்டைஸ்டு காஸ்ட் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 3,600 ரூபாய், 18.7 சதவீதத்தில் 15 ஆண்டுகள் வளர்ந்தால் சுமார் 47,100. இந்தக் கணக்கின்படி 47,100 ரூபாய்க் கடனுக்கு 50,000 கொடுத்தாகிறது. கடன் வாங்கியவரின் லாப நட்டக் கணக்கில் பத்திரத்துக்கு 2,900 ரூபாய் நட்டம்! முதலீட்டாளருக்கோ அதே தொகை லாபம். அப்படியென்றால் அவர்கள் ஏன் கோபப்பட வேண்டும்?

பத்திரத்தின் விலை அன்றைய சந்தையில் 47,100ஆக இல்லை என்பதே காரணம். இன்னும் ஐந்து ஆண்டில் 1,11,000 கிடைக்கும் என்ற காகிதத்தை, பணத்தின் விலை 9 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் அது 72,000 ரூபாய்க்கு மேல் பெறும். 50,000த்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், அது ஐந்து ஆண்டில் 1,11,000 ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேல் தரும் வேறு இடத்தைத் தேட வேண்டும். 2009இல் அப்படிப் பத்திரமான இடம் எங்கே இருந்தது? ஆகப் பத்திரத்துக்கு 22,000 ரூபாய் அளவுக்கு ஒரு பெறுமதி கை மாறியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அது இருந்த தடயமே இல்லை. இருந்த தடயமும் எதிர்த்திசையில்.

இதைக் கணக்கியல் முறையின் குற்றம் என்று சொல்வது நியாயமாகாது. விற்ற அன்று நிலவிய விகிதத்தை அது பூட்டி வைத்துக்கொள்கிறது; பிறகு சந்தை வட்டி ஏறினாலும் இறங்கினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடனை முதிர்வுவரை வைத்திருந்து அடைக்கப்போகிற கம்பெனிக்கு அதுவே தேவை. ஒவ்வொரு மார்ச் 31ஆம் தேதியும் சந்தை வட்டிக்கேற்பக் கடனை ஏற்றி இறக்கினால், தொழிலில் எதுவும் மாறாமலே லாபம் துள்ளிக் குதிக்கும். கடனுக்கு ஆண்டுதோறும் என்ன செலவாகிறது என்ற கேள்விக்கு இந்த முறையைவிட நல்ல பதில் கிடையாது. கடன் இன்று என்ன விலை பெறும் என்ற கேள்வியை மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது.

பத்திரத்தை வாங்கியவரின் பக்கமும் இதே படிக்கட்டுதான். அங்கே அது செலவுக்குப் பதில் வருமானம். நம் வங்கிகள் இதில் வெகுகாலம் ஒரு கால் மட்டும் நடந்தன. முதிர்வுவரை வைத்திருக்கப்போவதாகப் பிரித்து வைத்த பத்திரத்தை முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால், அந்தக் கூடுதலை ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் கழித்தாக வேண்டும். தள்ளுபடியில் வாங்கியிருந்தால் அதை ஆண்டுதோறும் வருமானமாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. நட்டத்தை உடனே எழுது, லாபத்துக்குக் காத்திரு என்ற பழைய எச்சரிக்கை அது. ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தன. இப்போது தள்ளுபடியும் மீதிக் காலத்துக்குப் பங்கிடப்படுகிறது.

பங்குச் சந்தையில் பணம் போட்டிருக்கும் எவரும் இந்தப் படிக்கட்டை ஆண்டறிக்கையில் கண்டுபிடிக்கலாம். லாப நட்டக் கணக்கில் நிதிச் செலவு என்று ஒரு வரி இருக்கும். ரொக்க ஓட்ட அறிக்கையில், அந்த ஆண்டு வட்டியாக உண்மையில் கொடுத்த காசு இருக்கும். முதலாவது தொடர்ந்து இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால், கம்பெனி எங்கோ தள்ளுபடியிலோ பெரிய வெளியீட்டுச் செலவிலோ கடன் வாங்கியிருக்கக் கூடும். கொடுக்காத வட்டி கடனில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாக்கி விழுந்த வட்டி போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், கடன்கள் பற்றிய குறிப்பையும் பார்த்துவிடுவது நல்லது. முகமதிப்பு ஒன்றாகவும் கணக்கில் காட்டிய தொகை அதைவிடக் குறைவாகவும் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அதே அறிக்கையின் பின்பகுதியில், நிதிக் கருவிகள் என்ற தலைப்பிட்ட குறிப்பில், இந்தக் கடன்களின் சந்தைப் பெறுமதியைப் புத்தக மதிப்புக்குப் பக்கத்தில் தனிப் பத்தியாகத் தர வேண்டும் என்று இண்ட் ஏ.எஸ். 107 சொல்கிறது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது மட்டும் தர வேண்டியதில்லை. 47,100க்கும் 72,000த்துக்கும் நடுவில் இருந்ததைப் போன்ற இடைவெளி ஒரு கம்பெனியில் இருந்தால், அது கண்ணில் படக்கூடிய இடம் அந்தக் குறிப்புதான்.